வாய்ஸ் மெசேஜில் நீல மைக்: குடும்பக் குழுவில் யார் கேட்டார்கள் என்று எப்படித் தெரிகிறது?

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் பக்கத்தில் இருக்கும் மைக் நீலமாகிவிட்டது. அப்படியென்றால் என்ன?

அந்த மெசேஜ் உங்களுக்கு வந்ததா, நீங்கள் அனுப்பியதா என்று முதலில் பாருங்கள். படம் ஒன்றுதான், ஆனால் இரண்டு இடத்திலும் அது சொல்லும் சேதி வேறு.

உங்களுக்கு வந்த மெசேஜில் மைக் பச்சையாக இருந்தால் நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஒருமுறை ஓடவிட்டதும் அது நீலமாகிவிடும். இது உங்களுக்கே உங்கள் போன் வைத்துக்கொள்ளும் அடையாளம்; வேறு யாரைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை.

நீங்கள் அனுப்பிய மெசேஜில் மைக் முதலில் சாம்பல் நிறத்தில் இருக்கும். தனி ஆளுக்கு அனுப்பியிருந்தால், அவர் ஓடவிட்டதும் நீலமாகும். குழுவில் போட்டிருந்தால் அத்தனை பேரும் ஓடவிட்ட பிறகுதான் நீலம். பத்துப் பேர் கேட்டு ஒருவர் கேட்காமல் இருந்தாலும் சாம்பல்தான்.

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. குழுவில் சித்தப்பா போட்ட மெசேஜை நீங்கள் கேட்டதும் உங்கள் திரையில் மைக் நீலமாகிறது. "எல்லாரும் கேட்டாச்சு போலிருக்கு" என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். அதே நேரத்தில் சித்தப்பாவின் திரையில் அதே மெசேஜ் சாம்பலாக இருக்கும். அவர் "ஒருத்தரும் கேட்கலையே" என்று உட்கார்ந்திருப்பார். இருவர் பார்ப்பதும் சரிதான், இருவர் எடுத்துக்கொண்ட அர்த்தமும் தவறு.

நீல டிக் வந்துவிட்டது, மைக் மட்டும் சாம்பலாகவே நிற்கிறது. ஏன்?

டிக் ஒரு கணக்கு, மைக் இன்னொரு கணக்கு. மெசேஜ் இருக்கும் பக்கத்தைத் திறந்தாலே அது "படித்ததாக" ஆகிவிடும். வாய்ஸ் மெசேஜில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை என்றாலும் வாட்ஸ்அப் அப்படித்தான் எண்ணும். ஓடவிட்டால்தான் மைக் மாறும்.

ஆகவே நீல டிக்கும் சாம்பல் மைக்கும் சேர்ந்து இருந்தால், அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள், கேட்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இருக்கலாம், பேருந்தில் இயர்போன் இல்லாமல் இருக்கலாம். வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

இதற்கு நேர்மாறாகவும் வரும். டிக் சாம்பலாகவே இருக்கும், மைக் மட்டும் நீலமாகும். அவரோ நீங்களோ தனி அரட்டைக்கான படித்த அடையாளத்தை அணைத்து வைத்திருப்பதாகப் பொருள். அதை அணைத்தாலும் கேட்ட அடையாளம் அணையாது.

எங்கள் குழுவில் யார் யார் கேட்டார்கள் என்று பெயரோடு பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் அனுப்பியவர் மட்டும்தான் பார்க்க முடியும். ஆண்ட்ராய்டில் நீங்கள் அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, Info என்பதைத் திறக்க வேண்டும். ஐபோனில் மெசேஜை இடப்பக்கமாக இழுத்தாலே அந்தப் பக்கம் வந்துவிடும்.

அங்கே Played by, Read by, Delivered to என்று மூன்று தலைப்புகள் இருக்கும். ஓடவிட்டவர்கள், பக்கத்தைப் பார்த்தும் ஓடவிடாதவர்கள், போனுக்கு வந்தும் இன்னும் பார்க்காதவர்கள் என்று பெயர்கள் பிரிந்து நிற்கும். பக்கத்திலேயே நேரமும் இருக்கும். அந்த நேரம் உங்கள் போனின் கடிகாரப்படிதான். மலேசியாவில் இருக்கும் தம்பி அங்கே இரவு பத்தரைக்குக் கேட்டிருந்தால், காரைக்குடியில் இருக்கும் உங்களுக்கு எட்டு மணி என்று காட்டும், ஏனென்றால் அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. "எட்டு மணிக்குக் கேட்டுவிட்டு ஏன் உடனே பதில் போடவில்லை" என்று கேட்பதற்கு முன் இதை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

குழுவின் அட்மினாக இருந்தாலும் மற்றவர் போட்ட மெசேஜுக்கு இந்தப் பட்டியல் வராது. "நீதானே அட்மின், யார் கேட்கலைன்னு பார்த்துச் சொல்லு" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆளைக் கணக்குப் பார்க்க வேண்டிய மெசேஜ் என்றால், கணக்குப் பார்க்கப் போகிறவரே பேசி அனுப்புவது நல்லது.

வீட்டு முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குத் தேதி சொல்லி வாய்ஸ் போட்டேன். மறுநாளும் மைக் சாம்பல்தான். திரும்ப ஒருமுறை போட்டுவிடவா?

வேண்டாம். முதலில் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு குழுவை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துவிடலாம்.

பள்ளத்தூரில் ஒரு பொது வீடு. பங்காளிகள் காரைக்குடி, சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று சிதறி இருக்கிறார்கள். குழுவில் மொத்தம் பன்னிரண்டு பேர். அண்ணன் ஒருவர் சனிக்கிழமை மாலை 6.40க்கு ஒன்றேமுக்கால் நிமிடம் பேசி அனுப்புகிறார்: படைப்பு எந்த நாள், புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, எவ்வளவு வருகிறது, எத்தனை இலை போட வேண்டும் என்று யார் யார் எப்போதுக்குள் சொல்ல வேண்டும். அனுப்பியவரைக் கழித்தால் கேட்க வேண்டியவர்கள் பதினொரு பேர்.

ஞாயிறு மதியம் மைக் சாம்பல். பட்டியலைத் திறந்தால் Played by என்பதில் எட்டுப் பேர், Read by என்பதில் இரண்டு பேர். பத்து ஆயிற்று. பதினொன்றாவது ஆள் மூன்று தலைப்பிலும் இல்லை. அவர் ஊர் வீட்டில் இருக்கும் பெரிய ஆச்சி. அவருடைய போனுக்கு மெசேஜ் இன்னும் போய்ச் சேரவே இல்லை. இதைப் பட்டியல் திறக்காமலும் ஊகித்திருக்கலாம்: குழுவில் எல்லார் போனுக்கும் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் விழும், இந்த மெசேஜில் ஒரே டிக்தான் இருந்தது.

இப்போது செய்ய வேண்டியது மூன்று பேருக்கு இரண்டு விதமான வேலை. பார்த்துவிட்டு ஓடவிடாத இரண்டு பேருக்குத் தேதியையும் தொகையையும் எழுத்தில் தனியாக அனுப்பினால் போதும். கூட்டத்தில் இருந்தாலும் படித்துவிடுவார்கள். ஆச்சிக்கு இன்னொரு மெசேஜ் போட்டு ஒரு பயனும் இல்லை, முதல் மெசேஜ் எங்கே நிற்கிறதோ அதே இடத்தில்தான் அதுவும் நிற்கும். வீட்டு லேண்ட்லைனிலோ பக்கத்து வீட்டிலோ கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

திரும்ப அதையே குழுவில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது வாட்ஸ்அப்புக்குப் புது மெசேஜ். பழையதில் கேட்ட எட்டுப் பேரும் இதில் கேட்காதவர்களாகக் கணக்கில் நிற்பார்கள். "இதைத்தான் நேத்தே கேட்டோமே" என்று அவர்கள் விட்டுவிடுவார்கள். மைக் பழையபடி சாம்பலிலேயே நிற்கும், இப்போது யார் நிஜமாகவே கேட்கவில்லை என்பதும் மறைந்துபோகும்.

பெயர் Played by-இல் இருக்கிறது. ஆனாலும் "தேதி எப்போ?" என்று கேட்கிறாரே?

ஓடவிட்டது மட்டும்தான் பதிவாகிறது, காதில் விழுந்தது பதிவாவதில்லை. பிளே பொத்தானைத் தொட்டு மூன்று நொடியில் நிறுத்தினாலும் கேட்டதாகவே போகும். ஒன்றேமுக்கால் நிமிடப் பேச்சில் தேதி கடைசியில் வந்தால், கேட்டும் தெரியாமல் இருப்பவர்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. குழுவில் அடுத்தடுத்து வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். நீங்கள் பேசியதற்கு மேலே யாரோ திருமண வாழ்த்துப் பேசியிருக்கிறார், கோவைத் தம்பி அதை ஓடவிட்டுவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதும் பைக்குள்ளேயே ஓடி முடிந்திருக்கும், உங்கள் திரையில் அவர் பெயர் கேட்டவர் பட்டியலில் ஏறியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே தேதியையும் பணத்தையும் முதல் பத்து நொடிக்குள் சொல்லிவிடுங்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். பெரியவர்களுக்கு இது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் படலாம், ஆனால் படைப்பன்று இலை எண்ணிக்கை தவறுவதைவிட இது பரவாயில்லை.

ஆச்சி கேட்டுவிட்டேன் என்கிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. யாரை நம்புவது?

ஆச்சியை நம்புங்கள். பதிவு ஆளுக்கு இல்லை, கணக்குக்கு. மகள் தன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு வளவில் வைத்தால், ஆச்சி, சமையல்காரர், வந்திருந்த விருந்தாளி என்று ஆறு பேர் கேட்டிருப்பார்கள். பட்டியலில் ஏறுவது மகள் பெயர் ஒன்றுதான்.

பெயர் ஏறாமல் கேட்க வேறு வழிகளும் உள்ளன. மெசேஜை வேறு அரட்டைக்கு ஃபார்வர்டு செய்து அங்கே ஓடவிட்டால், ஓடியது அந்தப் புது மெசேஜ். உங்களுடையது கேட்கப்படாததாகவே இருக்கும். ஆண்ட்ராய்டில் வாய்ஸ் மெசேஜ் எல்லாமே, ஆட்டோ டவுன்லோடு அமைப்பு எப்படி இருந்தாலும், தானாகவே போனில் இறங்கிவிடும். WhatsApp Voice Notes என்ற கோப்புறையில் PTT என்று தொடங்கி .opus என்று முடியும் கோப்பாக அது இருக்கும். அதை ஃபைல் மேனேஜர் வழியாகத் திறந்து கேட்டாலும் வாட்ஸ்அப்புக்குத் தெரியாது.

சிக்னல் இல்லாத இடத்தில் கேட்டிருந்தாலும் கொஞ்ச நேரம் பெயர் வராது. பல்லவன் ரயிலில் சென்னை போகும்போது, முன்பே இறங்கியிருந்த மெசேஜை நெட் இல்லாத இடத்தில் ஓடவிட்டால், கேட்ட தகவல் போனிலேயே காத்திருக்கும். நெட் வந்ததும் கிளம்பும். கணினியில் வாட்ஸ்அப் வெப் வழியாகக் கேட்டால் அப்படித் தவறாது, அது போனில் கேட்டதைப் போலவே பதிவாகும்.

இந்தப் பதிவு எங்கே இருக்கிறது? வாட்ஸ்அப் நம் பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறதா?

இல்லை. நீங்கள் பேசியது பூட்டித்தான் போகிறது, நடுவில் இருக்கும் சர்வரால் அதைத் திறந்து கேட்க முடியாது. பேச்சு ஒரு வழியில் போக, அது கிடைத்ததற்கும் திறந்ததற்கும் ஓடவிட்டதற்கும் தனித்தனியாகச் சின்னச் சின்ன ரசீதுகள் எதிர்வழியில் வருகின்றன. முன்பு பதிவுத் தபாலில் கையெழுத்தாகித் திரும்பி வந்த ஒப்புதல் அட்டை மாதிரிதான். அட்டையில் கடிதத்தின் வாசகம் இருக்காது.

குழுவில் பதினொரு பேர் என்றால், ஒவ்வொருவர் போனும் தன் ரசீதைத் தனியாக அனுப்பும். அவை எல்லாம் வந்து சேரும் இடம் அனுப்பியவரின் போன். ஆண்ட்ராய்டில் msgstore.db என்ற தரவுக் கோப்பில் receipt_user என்ற அட்டவணை இருக்கிறது. அதில் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒவ்வொரு பெறுநருக்கும் ஒரு வரி. அந்த வரியில் மூன்று நேரங்களுக்கு இடம் உண்டு:

```
receipt_timestamp
read_timestamp
played_timestamp
```

முதலாவது போனுக்கு வந்த நேரம், இரண்டாவது பார்த்த நேரம், மூன்றாவது ஓடவிட்ட நேரம். சாதாரணமாக நாம் இந்தக் கோப்பைத் திறக்க முடியாது, திறக்கவும் தேவையில்லை. Info பக்கத்தில் தெரிவது இதிலிருந்துதான். மேலே சொன்ன பள்ளத்தூர்க் கணக்கில் பதினொரு வரி. அவற்றில் எட்டில்தான் மூன்றாவது நேரம் நிரம்பியிருந்தது. பதினொன்றும் நிரம்பிய பிறகுதான் மைக் நீலமாகும்.

பட்டியல் உங்கள் போனில் இருப்பதால் அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. பேக்கப் எடுக்காமல் போனை மாற்றினால் மெசேஜும் போகும், யார் கேட்டார்கள் என்ற கணக்கும் அதோடு போகும்.

குழுவை விட்டுப் போனவரும், புதிதாகச் சேர்ந்தவரும் கணக்கில் வருவார்களா?

அனுப்பிய நொடியில் குழுவில் இருந்தவர்கள்தான் கணக்கு. நேற்று சேர்ந்த மருமகளுக்குப் போன வாரத்து மெசேஜ் தானாக வராது, ஆகவே அவர் அந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார். விட்டுப் போனவர் பெயர் பட்டியலில் இருந்து நீங்காது. கேட்காமல் போயிருந்தால் அவரால் மைக் கடைசிவரை சாம்பலாகவே நிற்கலாம்.

ஒரு மாதம் ஆகியும் ஒரே டிக், சாம்பல் மைக். எப்போதாவது நீலமாகுமா?

ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேராத மெசேஜை வாட்ஸ்அப் சர்வர் 30 நாள் வரை வைத்திருந்துவிட்டு நீக்கிவிடும். ஊரில் பூட்டிய வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு போன், வெளிநாட்டில் இருந்து திரும்பியவர் விட்டுவிட்ட பழைய எண், இப்படி ஏதாவது ஒன்று பெரும்பாலான குடும்பக் குழுக்களில் உண்டு. அந்த எண் உள்ளே இருக்கும்வரை நீங்கள் போடும் எந்த வாய்ஸ் மெசேஜும் முழுதாக நீலமாகாது.

பட்டியலைத் திறந்தால் மூன்று தலைப்பிலும் வராமல் ஒரே பெயர் ஒவ்வொரு மெசேஜிலும் விடுபடும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அவரிடம் புது எண் கேட்டு வாங்கி, பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கச் சொல்லி அட்மினிடம் கேளுங்கள். ஏற்கெனவே போட்ட மெசேஜ்களில் பழைய எண் இருந்துகொண்டுதான் இருக்கும், இனிமேல் போடுபவைதான் சரியாகும்.

நான் கேட்டது தெரியக் கூடாது. அணைக்க முடியுமா?

கேட்ட அடையாளத்துக்கு அணைக்கும் பொத்தான் இல்லை. Settings, Privacy வழியே போய் Read receipts என்பதை அணைத்தால் தனி அரட்டையில் நீல டிக் மட்டும் வராமல் போகும், அதுவும் மற்றவர் படித்தது உங்களுக்கும் தெரியாமல் போகும் என்ற நிபந்தனையோடு. குழுவில் படித்த அடையாளம் தொடர்ந்து போகும், வாய்ஸ் மெசேஜ் எங்கே வந்தாலும் கேட்ட அடையாளமும் தொடர்ந்து போகும்.

சண்டை போட்டு ஒருவரை பிளாக் செய்திருக்கிறேன். குழுவில் நான் போடும் வாய்ஸ் அவருக்குப் போகுமா?

போகும். பிளாக் என்பது தனி அரட்டைக்கும் அழைப்புக்கும்தான். பொதுக் குழுவில் அவர் போடுவது உங்களுக்கும், நீங்கள் போடுவது அவருக்கும் வழக்கம்போல வரும். அவரும் உங்கள் பதினொரு பேரில் ஒருவர். பங்கு தகராறில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பியாக இருந்தாலும் அவர் ஓடவிடும்வரை மைக் சாம்பல்தான்.

"நீலம் ஆயிடுச்சே, நீங்க கேட்டீங்கதானே" என்று கணக்குப் பேச்சில் ஆதாரமாகக் காட்டலாமா?

காட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. அந்த எண்ணில் இருந்து யாரோ ஓடவிட்டார்கள் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. போன் பேரன் கையில் இருந்திருக்கலாம். புள்ளிக்கு எவ்வளவு, யார் கொடுத்தார்கள், பொது வீட்டுக்கு ஓடு மாற்ற எவ்வளவு ஒதுக்கியது என்பதெல்லாம் எழுத்தில் போட்டு, ஒவ்வொருவரும் "சரி" என்று பதில் எழுதச் சொல்லுங்கள். யார் யார் "சரி" எழுதவில்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும், Info பக்கத்தைத் திறக்கவே வேண்டியதில்லை.